மரியாதை தெரிந்த மருமகள்

உண்ணாமலையம்மாள் தன் மகளிடம் கேட்டது ஒரே ஒரு விஷயம்தான்.

"குலம் கோத்திரம் விசாரிக்க நாம யாரை அனுப்ப முடியும் அந்த ஊருக்கு? ஜாதகமும் கிடையாது. உனக்குத்தான் அவ பாஷை தெரியுமே. போய் ரெண்டு வார்த்தை பேசிப் பாரு. நல்ல வீட்டுப் பொண்ணா, இல்லையான்னு சொல்லு. நீ சரின்னா எனக்கும் சரிதான்."

1979ஆம் வருஷம், தை மாதம். வேதாவுக்கு இருபத்தாறு வயது. தில்லியில் ஐந்து வருஷம் ஸ்பானிஷ் மொழி படித்துவிட்டுத் திருவண்ணாமலைக்குத் திரும்பியிருந்தாள். அந்த மொழியை வைத்துக்கொண்டு ஊரில் என்ன செய்வது என்று அவளுக்கே தெரியவில்லை. காலையில் தட்டச்சுப் பயிலகத்தில் பாடம் சொல்லிக் கொடுப்பாள். வெளிநாட்டுக்காரர் யாராவது பாங்கிலோ ஆஸ்பத்திரியிலோ முழித்துக்கொண்டு நின்றால் கூப்பிட்டு அனுப்புவார்கள். அவ்வளவுதான். ஐந்து வருஷப் படிப்பை ஒருத்தராவது நம்பிக் கேட்கமாட்டார்களா என்ற ஏக்கம் அவளுக்கு உண்டு. இப்போது அம்மாவே கேட்கிறாள்.

விஷயம் இதுதான். அவள் அண்ணன் கோதண்டராமன் கீழ்பென்னாத்தூரில் பம்புசெட் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு சின்ன மருத்துவ நிலையத்தில் தண்ணீர் மோட்டார் நின்றுபோக, சரிசெய்யப் போனான். அங்கே குஷ்டநோயாளிகளின் காலுக்குக் கட்டுப்போடும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தவள் நெலிதா. அர்ஜென்டினாவில் ரொசாரியோ என்ற ஊர்க்காரி, நர்ஸ் படிப்பு படித்தவள். மலையைப் பார்க்க வந்தவள் இரண்டு வருஷமாக இங்கேயே தங்கிவிட்டாள். அந்த மோட்டார் அப்புறம் நாலு தடவை பழுதானது. ஐந்தாம் தடவை அது பழுதாகாமலே கோதண்டராமன் போனான். அரைகுறை இங்கிலீஷும் கால்வாசித் தமிழுமாக இரண்டு பேரும் முடிவு செய்துகொண்டு, அம்மாவிடம் வந்து நின்றார்கள்.

வேதா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நெலிதாவின் வாடகை வீட்டுக்குப் போனாள். வாசலில் நாலு நாய்க்குட்டிகள் நெலிதாவின் காலைச் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வோஸ் சோஸ் வேதா?" என்றாள். நீதானே வேதா?

வேதாவுக்குச் சுருக்கென்றது. வேதா படித்த ஸ்பானிஷில் நெருங்கியவரை 'தூ' என்பார்கள். மரியாதைக்கு 'உஸ்தேத்'. முதல்முறை பார்க்கும் வருங்கால நாத்தனாரை உஸ்தேத் என்று சொல்ல வேண்டாமா? சரி, உரிமை எடுத்துக்கொண்டாள் என்றால் தூ என்றாவது சொல்ல வேண்டும். வோஸ் என்பது எங்கிருந்து வந்தது? தில்லியில் பாடம் சொன்ன அம்மாள் ஸ்பெயினில் வல்யதோலித் நகரத்துக்காரர். அவர் அந்தச் சொல்லைப் பாடமே எடுத்ததில்லை. புத்தகத்தில் அடிக்குறிப்பாக இரண்டு வரி இருந்தது: பழங்கால வழக்கு, இப்போது அமெரிக்க நாடுகள் சிலவற்றில் பாமரர் பேச்சில் மட்டும்.

நெலிதா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். தேநீர் போட்டுக்கொண்டே நிறுத்தாமல் பேசினாள். இரண்டு வருஷம் தாய்மொழி பேசக் கிடைக்காதவளின் பேச்சு அது. வாக்கியத்துக்கு வாக்கியம் வோஸ். உள்ளே ஓடி வந்த நாய்க்குட்டிகளை வெளியே விரட்டும்போது மட்டும் 'உஸ்தேதெஸ்' என்றாள். தூ என்று சொல்லக்கூடியவர்கள் பலர் ஒன்றாக இருந்தால் ஸ்பெயினில் அவர்களை 'வொசோத்ரோஸ்' என்பார்கள். பெரியவர்கள் பலரானால்தான் உஸ்தேதெஸ். அமெரிக்க நாடுகளில் யாராயிருந்தாலும் உஸ்தேதெஸ்தான் என்று வேதாவின் ஆசிரியை ஒருமுறை போகிற போக்கில் சொல்லியிருந்தார். அது அப்போது வேதாவுக்கு ஞாபகம் வரவில்லை. வர விரும்பவில்லை என்று பிற்பாடு தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

"இங்க பாரு, அப்பாவுக்கு எழுதிட்டிருக்கேன். உன்னைப் பத்தியும் எழுதியிருக்கேன்" என்று நெலிதா தன் பாஷையில் சொல்லி, பாதி எழுதிய கடிதத்தை நீட்டினாள். பெற்ற அப்பாவுக்கும் அதே வோஸ்தான். அந்தக் கடிதத்தில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருந்தது என்று வேதா படிக்கவே இல்லை. வோஸ் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னாடி, எப்படி?"

"நல்லவதான்மா. ஆனா..."

"ஆனான்னா?"

"படிச்ச வீட்டுப் பொண்ணு மாதிரி தெரியல. பேச்சே சரியில்ல. அவங்க பாஷையில தூன்னு சொல்லணும்..."

"தூவா? துப்பற மாதிரி இருக்குது."

"சிரிக்காதம்மா. தூன்னு சொல்ல வேண்டிய இடத்துல இவ வோஸ்னு சொல்றா. அது வேலைக்காரங்க, வண்டிக்காரங்க பேசற பேச்சு. பெத்த அப்பனுக்கே அப்படித்தான் எழுதறா. நாய்க்குட்டிக்கு மட்டும் மரியாதை ஜாஸ்தி."

அம்மா முறத்தை மறுபடி கையில் எடுத்தாள். "நர்ஸுக்குப் படிச்சவன்னானே இவன்?"

"அவகிட்ட சர்ட்டிபிகேட்டைப் பார்த்தானா அண்ணன்?" என்றாள் வேதா.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அன்று சாயங்காலமே உண்ணாமலையம்மாள் மகனிடம் முடியாது என்று சொல்லிவிட்டாள். கோதண்டராமன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்தபடி தங்கச்சியைப் பார்த்தான்.

"பாப்பா, நீ நல்லா கேட்டியா?"

"எனக்குத் தெரியாதாண்ணா? அஞ்சு வருஷம் அதைத்தானே படிச்சேன்."

"அதான். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். அதில் கேலி கிடையாது. அவன் அவளை நம்பினான். தில்லிக்குப் போய்ப் படிக்கட்டும் என்று, அப்பா இருந்த காலத்தில் அவரோடு சண்டை போட்டு அனுப்பி வைத்தவனும் அவன்தான்.

ஒரு வாரம் கழித்துப் பெரிய தேர்வீதியில் பூக்கடை வாசலில் நெலிதா எதிர்ப்பட்டாள். கோதண்டராமன் அவளிடம் மறைக்காமல் எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நெலிதா கோபப்படவில்லை. நின்று, அளந்து பேசினாள். "தூ எப்படி இருக்கிறாய், வேதா? உன் அம்மா நலமா?" ஒவ்வொரு வினைச்சொல்லும் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலவே வந்தது. வரும் வெள்ளிக்கிழமை மெட்ராஸ் போய், அங்கிருந்து ஊருக்குத் திரும்பப் போவதாகச் சொன்னாள்.

வேதாவுக்கு உள்ளூர ஒரு திருப்தி. பரவாயில்லை, தப்பைத் திருத்திக்கொண்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே மல்லிகை வாங்கினாள்.

அந்த வாரம் புதன்கிழமை, லத்தீன் அமெரிக்க யாத்ரீகர்கள் பதினாலு பேர் ஒரு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மொழிபெயர்க்க வேதாவை அழைத்திருந்தார்கள். முந்தின நாளெல்லாம் உட்கார்ந்து ஒரு வரவேற்புரை எழுதி மனப்பாடம் செய்திருந்தாள். லாட்ஜ் கூடத்தில் நின்று, நட்புத் தொனியில் இருக்கட்டும் என்று எல்லோரையும் வொசோத்ரோஸ் என்று விளித்து முழங்கினாள். அவர்கள் தலை குனிந்து கேட்டார்கள். இரண்டு பேர் கைகளைக் கோத்துக்கொண்டார்கள். பக்தி என்று வேதா நினைத்தாள்.

அடி அண்ணாமலைக் கோயிலைப் பார்த்துவிட்டு மர நிழலில் உட்கார்ந்தபோதுதான் அவளுடைய ஐந்து வருஷம் ஆட்டம் காணத் தொடங்கியது.

வெள்ளை மீசை வைத்த பெரியவர் ஒருவர் தன் மனைவியிடம், "வோஸ் தண்ணீர் குடித்தாயா?" என்று கேட்டார். அந்த அம்மாள், "வோஸ் குடி முதலில்" என்று அதே உரிமையோடு பாட்டிலை நீட்டினாள். அவளும் வோஸ். வேதா பஸ்ஸில் வந்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தாள். புவெனஸ் அயர்ஸ் நகரத்து ஓய்வுபெற்ற நீதிபதி.

அவளால் நிச்சயப்படுத்திக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. பக்கத்தில் போய், உஸ்தேத் போட்டு, மரியாதையாகவே கேட்டாள்: ஐயா, நீங்கள் வோஸ் என்று சொல்கிறீர்களே, அது படிக்காதவர்கள் பேச்சு இல்லையா?

நீதிபதி சிரித்தார். "கோர்ட்டில் நான் எல்லோரையும் உஸ்தேத் என்பேன், குற்றவாளியைக்கூட. வீட்டில் வோஸ். எங்கள் ஊரில் டாக்டருக்கும் அதுதான், பால்காரருக்கும் அதுதான். பள்ளிக்கூடத்தில் மட்டும் எங்களுக்கும் தூ என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். வோஸ் கொச்சை என்று திட்டுவார்கள். மணி அடித்ததும் அந்த டீச்சரே வாசலில் நின்று சிநேகிதியை வோஸ் என்று கூப்பிடுவாள்." மனைவியின் பக்கம் திரும்பினார். "நான் திடீரென்று இவளைத் தூ என்றால், நாடக வசனம் பேசுகிறேன் என்று நினைப்பாள். இல்லாவிட்டால் என் மேல் ஏதோ கோபம் என்று."

"அப்படியானால் என் வரவேற்புரை?"

அவர் மனைவி அவள் முழங்கையைத் தொட்டாள். "அழகாக இருந்தது, மகளே. வொசோத்ரோஸ் என்றதும் எனக்குச் சர்ச்சில் பாதிரியார் பிரசங்கம் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் பக்கம் ஸ்பெயின்காரர்கள் தவிர யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். பெற்ற பிள்ளைகளைக்கூட உஸ்தேதெஸ் என்றுதான் சாப்பிடக் கூப்பிடுவேன்."

நாய்க்குட்டிகள் நினைவுக்கு வந்தன. வேதா கீழே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குள் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மெக்சிகோ மாணவன் ஒருவன், எங்களுக்கு வோஸ் தெரியாது, தூதான் என்றான். பொகோதா நகரத்து அம்மாள், தன் மகனை ஆசையாகக் கொஞ்சும்போதும் உஸ்தேத் என்றுதான் சொல்வேன் என்றாள். அதைக் கேட்டு மற்றவர்கள் ஓவென்று சிரிக்க, "ஏன், என் பிள்ளைக்கு நான் மரியாதை கொடுத்தால் உங்களுக்கென்ன?" என்று சண்டைக்குப் போனாள். ஆளுக்கு ஆள் கேலி செய்துகொண்டார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் அதை வைத்து ஒருவர் வீட்டை இன்னொருவர் எடைபோடவில்லை.

வேதா கேட்ட கடைசிக் கேள்விக்கு நீதிபதியின் மனைவிதான் பதில் சொன்னாள். ரொசாரியோ பெண் ஒருத்தி, முதலில் என்னை வோஸ் என்றாள். இப்போது தூ என்கிறாள். அதற்கு என்ன அர்த்தம்?

அந்த அம்மாள் பாட்டிலை மூடி வைத்தாள். "முதலில் உன்னைத் தன் வீட்டுப் பெண்ணாக நினைத்திருக்கிறாள். இப்போது நீ அவளுக்கு அந்நியநாட்டுக்காரி."

அன்று பகல் முழுக்க வேதா மொழிபெயர்த்தாள். என்ன மொழிபெயர்த்தாள் என்று அவளுக்கு ஞாபகமில்லை. பூக்கடை வாசலில் தான் திருப்தியாக வாங்கிய மல்லிகை மட்டும் கண்முன் நின்றது.

மறுநாள் காலை, அண்ணன் கடைக்குக் கிளம்புமுன் அடுக்களையில் வைத்து இரண்டு பேரிடமும் சொன்னாள். சுவரைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. அவங்க நாட்டுல எல்லாருமே அப்படித்தான் பேசுவாங்களாம். ஜட்ஜுகூட. எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்லியிருக்கணும். தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்.

கோதண்டராமன் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே நின்றான். ஒரே பொத்தானை மறுபடி கழற்றி மறுபடி போட்டான். திட்டியிருந்தால் வேதாவுக்கு நன்றாக இருந்திருக்கும்.

அம்மாதான் பேசினாள். குரல் உயரவில்லை.

"வண்டிக்காரங்க பேச்சுன்னு சொன்ன. உங்க தாத்தா இன்னா ஓட்டினாரு? ஏரோப்ளேனா? வேட்டவலம் சந்தைக்கு மூட்டை ஏத்தி வண்டிதானே ஓட்டினாரு. நீ பொறந்ததுலேர்ந்து என்னை வா, போ, நீன்னுதான் கூப்பிடற. யாராவது வந்து கேட்டுட்டுப் போய், இந்த வீட்டுப் பொண்ணுக்குப் பெத்தவளுக்கு மரியாதை குடுக்கத் தெரியலன்னு சொன்னா, ஒத்துக்குவியா நீ?"

வேதா அடுக்களைத் தரையில் உட்கார்ந்தாள்.

"உன்னைக் கேட்டது என் தப்பு. கேட்டுட்டு நம்புனது அதைவிடத் தப்பு. எழுந்திரு. அவகிட்ட வந்து சொல்லு, இப்படிச் சொன்னேன்னு. என்னெதிரே சொல்லு."

மூன்று பேரும் கோதண்டராமனின் நண்பனுடைய வாடகைக் காரில் போனார்கள். நெலிதாவின் வீட்டில் பெட்டி கட்டி வைத்திருந்தது. நாய்க்குட்டிகளில் இரண்டைக் காணோம்; யாருக்கோ கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது.

நெலிதாவுக்குத் தெரிந்த தமிழ் இதற்குப் போதாது. அம்மாவுக்கும் நெலிதாவுக்கும் நடுவில் இருப்பது வேதாவின் வாய் ஒன்றுதான். தான் சொன்ன பழியைத் தானே மொழிபெயர்க்க வேண்டும்.

"ஆரம்பி" என்றாள் அம்மா.

வேதா ஆரம்பித்தாள். படித்த வீட்டுப் பெண் மாதிரி இல்லை என்றேன். வேலைக்காரர் பேச்சு என்றேன். ஸ்பானிஷில் அந்த வார்த்தைகள் தமிழில் இருந்ததைவிட அசிங்கமாக இருந்தன. நடுவில் ஒரு வாக்கியத்தை விழுங்கிவிட்டாள். சர்ட்டிபிகேட் பற்றிய வாக்கியம் அது. அம்மாவுக்குப் பாஷை தெரியாது. ஆனாலும், "சர்ட்டிபிகேட்டை வுட்டுட்டியே" என்றாள். எந்தப் பாஷையிலும் அப்படியே வரும் என்று அவள் நினைத்திருந்த அந்த ஒரு சொல் காதில் விழவில்லை என்பதைக் கவனித்திருக்கிறாள். வேதா அதையும் சொன்னாள்.

கடைசியில், "என்னை மன்னித்துவிடு" என்றாள். அதை வோஸுக்கு உரிய உருவத்தில் சொன்னாள். முந்தின ராத்திரி தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தது. ஆனாலும் வாயில் அது இரவல் புடவை மாதிரி நின்றது.

நெலிதா சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மெல்லப் பேசினாள். வேதா வாக்கியம் வாக்கியமாக அம்மாவுக்குச் சொன்னாள்.

"மூணாம் கிளாஸ்ல வோஸ்னு பேசினதுக்கு டீச்சர் என்னை நிக்க வெச்சாங்க. நான் வீட்டுக்குப் போய், இனிமே சரியாப் பேசணும்னு அம்மாவைத் தூன்னு கூப்பிட்டேன். அம்மா கரண்டியைக் கீழ வெச்சுட்டு, 'நான் உனக்கு இன்னா பண்ணேன்?'னு கேட்டாங்க." வேதா நிறுத்தி, நெலிதாவின் அடுத்த வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டாள். "இன்னும் சொல்றாம்மா. 'கோதண்டத்தோட நாட்டுல யாரும் என்னை நிக்க வெக்கமாட்டாங்கன்னு நெனச்சேன்'னு சொல்றா."

உண்ணாமலையம்மாள் எழுந்து போனாள். நெலிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நெல்லி, பெட்டியைப் பிரி" என்றாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நெலிதா கோதண்டராமனைப் பார்த்தாள். அவன் வாசலில் மிச்சமிருந்த நாய்க்குட்டி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, அதன் காதைத் தடவியபடி நின்றான். கண் கலங்கியிருந்தது. அவள் குனிந்து பெட்டியின் வாரை அவிழ்த்தாள்.

பங்குனியில் கல்யாணம் நடந்தது. ரொசாரியோவிலிருந்து நெலிதாவின் அப்பா கடிதம் எழுதியிருந்தார்; டிராம் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர். வண்டிக்காரர்தான். உண்ணாமலையம்மாள் அதைக் கேட்டு, "அப்படிச் சொல்லு, நம்ம ஜாதிதான்" என்று வாய்விட்டுச் சிரித்தாள். கடிதத்தைப் படித்து மொழிபெயர்த்தவள் வேதா. சம்பந்திகளை உஸ்தேதெஸ் என்று விளித்திருந்தார். இந்தத் தடவை ஒரு வரியையும் விடாமல் படித்தாள்.

நெலிதா தமிழ் பேசக் கற்றுக்கொண்டது புருஷனைப் பார்த்து. அவன் அம்மாவை நீ என்றால் அவளும் நீ என்றாள். "அம்மா, நீ உக்காரு, நான் பாக்கறேன்" என்று கரண்டியைப் பிடுங்குவாள். உண்ணாமலையம்மாளுக்கு அது தேனாக இருந்தது. புருஷனை ஊருக்கு எதிரில் வாங்க போங்க என்பாள். வீட்டுக்குள் அவனோடு ஸ்பானிஷ், தமிழ் எல்லாம் கலந்து வோஸ்தான். அவனும் திரும்ப வோஸ் என்பான். அவனுக்குத் தெரிந்த ஸ்பானிஷே அந்த ஒரு சொல்லும் இன்னும் பத்தும்தான். அடுக்களையில் அந்தச் சொல் கேட்கும்போதெல்லாம் வேதா கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுவாள்.

வேதாவிடம் நெலிதா அன்பாகத்தான் இருந்தாள். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஜுரம் வந்தபோது மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டாள். ஸ்பானிஷில் அவளிடம் பேசுவதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டாள். எப்போதாவது பேசினால் தூ. தமிழில் பேசினால் ஒன்றேகால் வயது சின்னவளான நாத்தனாரை நீங்க என்றாள்.

ஆடி மாதம் ஒரு நாள், பக்கத்து வீட்டு சரோஜா மோர் வாங்க வந்தாள். நெலிதா சொம்பை நீட்டிவிட்டு உள்ளே திரும்பி, "வேதா, நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டாள்.

சரோஜா மோவாயில் கைவைத்துக்கொண்டாள். "எங்க வூட்டுல மருமகள்னு ஒண்ணு இருக்குது, என் பொண்ணை வாடி போடிங்குது. இந்தப் பொண்ணைப் பாரு, வேற தேசத்துலேர்ந்து வந்து நாத்தனாருக்கு எவ்ளோ மரியாதை குடுக்குது. குடுத்து வெச்சவ நீ, வேதா."

வேதா தட்டைக் கழுவ எழுந்தாள்.

"சாப்டேன் அண்ணி" என்றாள். அப்புறம், குழாயடியில் நின்றுகொண்டு, சரோஜாவுக்குக் கேட்காத குரலில், "வோஸ்?" என்று கேட்டாள். நீ சாப்பிட்டாயா?

நெலிதா ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தாள்.

"நான் அப்புறம் சாப்பிடறேங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு, சரோஜா எடுக்க மறந்த சொம்பு மூடியைக் கொடுக்க வாசலுக்குப் போனாள்.